சமநிலைக்கு எதிராக ஒரு பந்தயம்

லண்டனின் பெட்ஃபேர் சந்தையில் ‘ஆட்டம் சமநிலையில் முடியாது’ என்றும் பந்தயம் கட்டலாம். விலை 3.5 இருக்கையில் 100 பவுண்டுக்குக் கட்டினால், யாராவது ஜெயித்தால் 100 லாபம்; சமநிலையானால் 250 நஷ்டம்.

பலமான அணி முதல் கோல் போட்டதும் விலை 5-க்கு ஏறுகிறது என்று வையுங்கள். 100-ஐ 3.5-ஆல் பெருக்கி 5-ஆல் வகுத்தால் 70. அந்த 70-ஐச் சமநிலைக்கு ஆதரவாகக் கட்டி வெளியேறலாம். யாராவது ஜெயித்தால் 100-இல் 70 போய் 30 மிச்சம். சமநிலையானால் 280 வந்து, 250 போய், அதே 30. கமிஷன் தனி.

பொறுத்தால் விலை இன்னும் ஏறும். பதில் கோல் விழுந்தால் சரியும். பலவீனமான அணி முதலில் போட்டால் விலை அவ்வளவாக ஏறாது. கோலே இல்லாமல் விலை 2-க்கு இறங்கினால், 175 கட்டி 75 நஷ்டத்தோடு வெளியேற வேண்டும். அந்த ஒரு நஷ்டம் இரண்டு வெற்றிகளின் லாபத்தை விழுங்கிவிடும்.