குச்சி விழும்போது சத்தமே இல்லை!

லண்டனில் வயோலா வாசிக்கும் தோழி ஒருத்தி, தன் அமெச்சூர் இசைக்குழுவின் ஒத்திகைக்கு என்னைக் கூட்டிப்போனாள். ஒரே நிபந்தனை: இருமல் வந்தால் வெளியே ஓடிவிட வேண்டும். அவள் வரிசைக்குப் பின்னால் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். இத்தனை வருஷம் கண்டக்டரின் முதுகை மட்டுமே பார்த்தவனுக்கு அன்றுதான் முகம் கிடைத்தது. ஆகா, என்ன முகம்! புருவம்கூடத் தாளம் போடுகிறது.

முதல் பத்து நிமிடம் கையின் பாதையைப் பிடிப்பதிலேயே போனது. நான்கு அடித் தாளமென்றால் கீழே, தன் இடப்பக்கம், வலப்பக்கம், மேலே. மூன்றென்றால் கீழே, வலம், மேலே. எதிரே உட்கார்ந்த எனக்கு இடமும் வலமும் மாறித் தெரிய, தலை கொஞ்சம் சுற்றியது. ஆனால் முதல் அடி எப்போதும் நேர் கீழே விழுகிறது, கடைசி அடி மேலே ஏறுகிறது. நாற்பது அளவை சும்மா இருந்து எண்ணிக்கையைத் தொலைத்த டிரம்பெட்காரர்கூட அந்தக் கீழ்வீச்சைப் பார்த்து சமத்தைப் பிடித்துவிடலாம். நம் ஆதி தாளத்தில் தட்டும் வீச்சும் செய்கிற வேலைதான்.

பிறகு வந்தது பேத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி. 1808-இல் வியன்னாவில் முதலில் ஒலித்த அந்த 'ட-ட-ட-டாம்' தெரியாதவர் யார்? எவ்வளவு சுலபம் என்று நினைத்துக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தேன். உதவிக் கண்டக்டரான இளைஞர் மேடையேறி, காற்றில் இரண்டு அடி போட்டுக்காட்டி, மூன்றாவதைக் கீழே இறக்கினார். பாதிப் பேர் இரண்டாவது அடியிலேயே பாய்ந்துவிட்டார்கள், மீதிப் பேர் மூன்றாவதில். டமடம டட்டாம்! தகர டப்பாக்கள் மாடிப்படியில் உருண்டது போல இருந்தது. தோழி வில்லால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தாள்.

சிக்கல் எங்கே என்று இடைவேளையில் அவளே சொன்னாள். அந்த இசை ஒலியில் தொடங்கவில்லை, மௌனத்தில் தொடங்குகிறது. அளவையின் முதல் கால் பங்கு வெறும் இடைவெளி. அதற்குப் பிறகுதான் மூன்று 'ட'. நம்மூரில் கால் இடம் தள்ளி எடுப்பு என்போமே, அதேதான். வேகமோ அசுரத்தனம். பேத்தோவன் பின்னாளில் குறித்துக் கொடுத்தபடி நிமிடத்துக்கு 108 அளவைகள். ஓர் அளவைக்கு அரை நொடிக்குச் சற்று மேல். ஒரு 'ட'வுக்கு நொடியில் ஏழில் ஒரு பங்கு. தாளக்குறி 2/4 என்றாலும் இரண்டிரண்டாக அடிக்க நேரமேது? அளவைக்கு ஒரே வீச்சுதான்.

"குச்சி கீழே விழுறதை நாங்க நம்பறதில்ல. அதுக்கு முன்னாடி மேல எழுறதைத்தான் பாப்போம்" என்றாள்.

இடைவேளைக்குப் பிறகு முதன்மைக் கண்டக்டரான பெரியவர் மேடை ஏறினார். நானும் மேலே எழுவதையே பார்த்தேன். கை எழும்போதே மூக்கால் சுருக்கென்று மூச்சிழுத்தார். அந்த ஒரே எழுச்சி எடுத்துக்கொண்ட நேரம்தான் ஓர் அளவையின் நேரம், வேகம் தெரிந்துவிட்டது. மணிக்கட்டு விறைப்பாக இருந்ததால் ஓங்கி வாசிக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிட்டது. குச்சி விழுந்தது. சத்தமில்லை! அது துள்ளி எழும் நேரத்தில்தான் மூன்று 'ட'வும் பாய்ந்தன. அடுத்த வீச்சில் 'டாம்'. கை அப்படியே நின்றது. நிற்கும்வரை ஒலியும் நீண்டது. நீள்நிறுத்தக் குறி அங்கே இருக்கிறது. எத்தனை நேரம் என்பது அவர் விருப்பம். இரண்டாவது 'டாம்' முதலாவதைவிட ஓர் அளவை கூடுதல் என்பதால், அதற்கு மட்டும் இன்னொரு சிறு அடி கொடுத்துவிட்டு நிறுத்தினார்.

எனக்குக் கைதட்டத் தோன்றியது அடுத்த நொடியில்தான். இரண்டாவது 'டாமை' வெட்டி முடிக்கவும், அடுத்த வரியைக் கிளப்பவும் தனித்தனி சைகை கிடையாது. முடித்த அதே சுழற்று எழுச்சியாக மாறியது. ஆனால் அடுத்த வரியை மென்மையாக வாசிக்க வேண்டுமே! அதனால் சுழற்று பாதியிலேயே சுருங்கி, குச்சி முனை மட்டும் ஒரு விரற்கடை எழுந்தது. இடது கை உள்ளங்கையைக் கவிழ்த்து 'அடங்கு' என்றது. கண் அதற்குள் இரண்டாம் வயலின்களிடம் போயிருந்தது, ஏனென்றால் முதலில் நுழைபவர்கள் அவர்கள். அடுத்து வயோலாக்கள், பிறகு முதல் வயலின்கள். பார்வையும் அதே வரிசையில் நகர்ந்தது.

அந்த இளைஞருக்குப் பெரியவர் சொன்ன இன்னொன்றையும் ஒட்டுக்கேட்டேன். குழு பின்தங்கினால் கையைப் பெரிதாக வீசாதே, சுருக்கு என்றார். பெரிய வீச்சு அதிக தூரம் போகவேண்டும். அதைப் பார்த்து வாசிப்பவர்கள் இன்னும் இழுப்பார்கள். பதறிய மனுஷனுக்குக் கை தானாகவே பெரிதாகத்தான் போகும், பாவம். இளைஞர் மறுபடி ஏறி ஒரே மூச்சு, ஒரே எழுச்சி என்று செய்தபோது ஐம்பது பேரும் ஒன்றாக விழுந்தார்கள்.

யூடியூபில் ஐந்தாம் சிம்பொனியைத் திறந்து, கண்டக்டரின் முகம் தெரிகிற வீடியோவாகத் தேர்ந்தெடுங்கள். முதல் 'ட'வுக்கு முந்தைய அரை நொடியை மட்டும் நாலைந்து தடவை ஓட்டிப் பாருங்கள்.