வலி இல்லை என்கிறார் அப்பா

"டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். அப்பாவுக்கு வலது கால் கட்டைவிரலுக்குக் கீழே இருந்த புண் இன்னும் முழுசா ஆறலை. மூணு போட்டோ அனுப்பியிருக்கேன். முதல் படம் தை அமாவாசை அன்னிக்கு எடுத்தது, அஞ்சு வாரம் ஆச்சு. கடைசிப் படம் நேத்து எடுத்தது. புண் கொஞ்சம் சின்னதான மாதிரிதான் தெரியுது. வலி சுத்தமா இல்லைங்கிறார், நல்லா நடக்கிறார். கட்டுத் துணி மட்டும் சாயங்காலத்துக்குள்ள நனைஞ்சுடுது. சாப்பிடாம பார்த்த சர்க்கரை 140-லேயே இருக்கும், இந்த வாரம் 230 காட்டுது. உடனே கூட்டிட்டு வரணுமா, அடுத்த மாசம் செக்கப்புக்கு வந்தாப் போதுமா?"

இது மாதிரிக்கு எழுதிய கடிதம்தான். ஆனால் சர்க்கரை நோயாளிகளின் பாதப் புண்ணைப் பார்க்கும் எந்த மருத்துவரின் கைபேசியிலும் இதன் சாயலில் சில கடிதங்கள் இருக்கும். மகள் பெரிதும் நம்புவது படங்களை. மருத்துவருக்கோ அவள் போகிற போக்கில் எழுதிய வரிகள்தான் முக்கியம்.

"வலி சுத்தமா இல்லை" என்பதையே எடுத்துக்கொள்வோம். பாதத்தின் நடுவே ஆறாத புண். அதன் மேல் முழு உடம்பின் எடையும் விழுகிறது. இருந்தும் அப்பா நன்றாக நடக்கிறார். உணர்வுள்ள கால் அப்படி நடக்க விடாது, நொண்ட வைக்கும். பல ஆண்டு சர்க்கரை நோயில் பாதத்தின் நரம்புகள் மரத்துப்போவதால்தான் இந்த நிம்மதி. மகளுக்கு ஆறுதலாகத் தெரிந்த வரி மருத்துவரை நிமிர்ந்து உட்கார வைக்கிறது.

இந்தப் பாடத்தின் பெரும்பகுதி வேலூரில் கற்றது. கொல்லிமலையில் 1914-ல் பிறந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, பின்னர் தொழுநோயாளிகளுக்குச் சிகிச்சை செய்தார். தொழுநோயில் சதை தானாக அழுகி விழுகிறது என்று பலரும் நம்பிய காலம் அது. உணர்வில்லாத கால், புண்ணின் மேலேயே திரும்பத் திரும்ப மிதித்து நடப்பதால்தான் பாதம் அழிகிறது என்று அவர் காட்டினார். மாவுக்கட்டு போட்டு அழுத்தத்தை எடுத்துவிட்டால் அதே புண் ஆறியது. இன்று சர்க்கரை நோயாளிகள் வாங்கிப் போடும் எம்.சி.ஆர். செருப்பின் மெத்தென்ற ரப்பரும் தொழுநோயாளிகளின் கால்களுக்காக வந்ததுதான். நோய் வேறு, மரத்த பாதம் ஒன்றே.

இனி படங்கள். மூன்றும் வெவ்வேறு தூரத்தில் எடுத்தவை, ஒன்றில் ஃபிளாஷ் வெளிச்சம் புண்ணை வெளிறச் செய்திருக்கிறது. கடைசிப் படத்தில் புண்ணின் வாய் சிறிதாகத் தெரிவது உண்மை. ஆனால் அதைச் சுற்றி மஞ்சளாகத் தடித்த காய்ப்பு வளர்ந்திருக்கிறது. காய்ப்பு புண்ணின் மேல் கூரை போட்டதுபோல் மூடி, வாயை மட்டும் சுருக்கிக் காட்டும். உள்ளே எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம் என்பது எந்தக் கேமராவுக்கும் தெரியாது. கட்டு நனைகிறது என்றால் உள்ளே ஏதோ ஊறுகிறது. காரணமில்லாமல் ஏறும் சர்க்கரை, தொற்றின் முதல் அடையாளமாகவும் இருக்கலாம்.

ஆஸ்திரேலியாவில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். கைபேசிப் படங்களை மட்டும் வைத்துப் பாதப் புண்ணை மதிப்பிட்டால், நேரில் பார்த்ததோடு ஒத்துப்போவது குறைவு, பார்ப்பவர்களுக்குள்ளேயே கருத்து ஒத்துப்போவதும் குறைவு என்றது 2017-ல் வெளியான அந்த ஆய்வு. படத்தை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது என்பதே அதன் பரிந்துரை.

அதற்காகப் படம் எடுப்பது வீண் என்று சொல்ல முடியாது. புண்ணின் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து எடுத்தால் போதும், படம் கணக்குப் பேசும். முதல் வாரம் நீளம் 2 செ.மீ., அகலம் 1.5 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம், பெருக்கினால் 3. நான்கு வாரம் கழித்து 1.8-ம் 1.4-ம், பெருக்கினால் சுமார் 2.5. கண்ணுக்குச் சிறிதாகிவிட்டது, உண்மையில் ஆறில் ஒரு பங்குதான் குறைந்திருக்கிறது. நான்கு வாரச் சிகிச்சையில் பாதியாவது சுருங்காத புண், அதே வைத்தியத்தில் ஆறுவது சந்தேகம் என்பது மருத்துவர்கள் கைக்கொள்ளும் அளவுகோல். வேறு எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும், நேரில் வர இந்தக் கணக்கே போதுமான காரணம்.

பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், புண்ணுக்கு நேர் எதிரே கைபேசியைப் பிடித்து ஒரு படம். தள்ளி நின்று இரண்டு பாதங்களும் சேர்ந்து தெரிய இன்னொன்று. இரண்டாவதுதான் பலரும் விட்டுவிடுவது. வீக்கத்தை மற்ற காலோடு ஒப்பிட்டால்தான் தெரியும். நம் தோலின் நிறத்தில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது; தோல் பளபளத்தோ வழக்கத்தைவிடக் கருத்தோ காட்டும். ஆகவே புறங்கையால் இரண்டு பாதங்களையும் தொட்டுப் பார்த்து, எது சூடு என்று எழுதுவது படத்தைவிட உதவும். நாற்றம் இருந்தால் அதையும் எழுத வேண்டும். புண்ணில் மஞ்சளோ காபித்தூளோ அப்பியிருந்தால் அதன் நிறமே மறைந்துவிடும்.

பதில் எதிர்பார்த்துக் காத்திருக்கவே கூடாத நிலைகளும் உண்டு. சிவப்போ வீக்கமோ புண்ணின் ஓரத்திலிருந்து 2 செ.மீ.க்கு மேல், ஏறத்தாழ ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு மேல், பரவினால், விரல் கறுத்தால், நாற்றம் வந்தால், குளிர்காய்ச்சலோ வாந்தியோ பிதற்றலோ இருந்தால், கடிதம் எழுதும் நேரத்தில் ஆட்டோ பிடிப்பது நல்லது. காய்ச்சல் இல்லையே என்று இருந்துவிடவும் முடியாது. பாதத்தில் கடுமையான தொற்று இருந்தும் காய்ச்சலே வராதவர்கள் பலர்.

நம் மகளுக்கு வந்த பதில் சிறியது: "நாளைக்கே அழைத்து வாருங்கள் அம்மா. பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்க வைக்காதீர்கள். தினமும் போடும் செருப்பையும் எடுத்து வாருங்கள்."

மறுநாள் காய்ப்பைச் சீவி எடுத்ததும் புண் பெரிதானது: 2.4 செ.மீ. நீளம், 2 செ.மீ. அகலம். மகள் பதறினாள். புண்ணைப் பெரிதாக்கவில்லை, மூடியைத் திறந்தோம், அவ்வளவுதான் என்று விளக்க வேண்டியிருந்தது. மழுங்கிய முனையுள்ள மெல்லிய கம்பியை உள்ளே விட்டுப் பார்த்தார் மருத்துவர். கல்லில் தட்டுவதுபோல் இடித்தால் எலும்பு வரை போய்விட்டது என்று சந்தேகிக்க வேண்டும், இடிக்கவில்லை. மேற்பாதத்திலும் உள் கணுக்காலுக்குப் பின்னாலும் நாடி நன்றாகத் துடித்தது. எக்ஸ்ரேயில் எதுவும் இல்லை. எலும்பில் தொற்று இருந்தாலும் முதல் இரண்டு வாரங்களில் எக்ஸ்ரே காட்டாமல் போகலாம் என்பதால், மூன்று வாரம் கழித்து இன்னொன்று எடுக்கச் சொன்னார். பிறகு நர்ஸ், 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டார். மூன்று இடங்களில் தொட்டு முடித்த பின்பும், "எப்பம்மா ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார் அப்பா.

செருப்பைத் திருப்பிப் பார்த்தபோது கட்டைவிரலின் அடிப்பகுதி விழும் இடத்தில் மட்டும் ரப்பர் தேய்ந்து காகிதமாகியிருந்தது.

தொற்று அடங்க ஆன்டிபயாடிக் மாத்திரை, அது அடங்கியதும் முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டு. வாரம் ஒருமுறை பிரித்து, பார்த்து, மறுபடி போட்டார்கள். கட்டு போட்டால் வெளியே போக முடியாதே என்று அப்பா முணுமுணுத்தார். போகாமல் இருப்பதுதான் மருந்தில் பாதி.

நான்காவது வாரம், கட்டு மாற்றும்போது எடுத்த படத்தை மகள் உள்ளூர் மருத்துவமனையிலிருந்து அனுப்பினாள். இந்த முறை ஸ்கேல் இருந்தது, தேதி இருந்தது, பக்கத்தில் இடது காலும் இருந்தது. 1.3-ம் 1-ம், 4.8 ஆக இருந்த கணக்கு 1.3-க்கு வந்திருந்தது. கீழே ஒரு வரி: "பங்குனி உத்திரத்துக்குக் கோயில் பிரகாரத்தை ஒரே ஒரு சுற்று சுத்தலாமான்னு அப்பா கேட்கச் சொன்னார்."

"வாசலில் நின்று கும்பிடட்டும். செருப்பு, கட்டு எதையும் கழற்ற வேண்டாம்" என்று பதில் வந்தது.