பத்து நிமிட பஸ்ஸுக்கு எட்டு நிமிடக் காத்திருப்பு

“ஏம்மா, பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ்னு சொன்னே. நாம வர்றப்ப மட்டும் ஏன் எப்பவும் லேட்டாவே வருது?”

நிறுத்தத்தில் நிற்கும் குழந்தையின் இந்தக் கேள்விக்குப் புள்ளியியலில் பதில் உண்டு. பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் என்றால் சராசரியாக ஐந்து நிமிடம் காத்திருந்தால் போதும் என்றுதான் யாருக்கும் தோன்றும். பஸ்கள் சரியான இடைவெளியில் வந்தால் அது உண்மையும்கூட. ஆனால் அவை அப்படி வருவதில்லை.

ஒரு நிறுத்தத்தில் 8 மணிக்கு ஒரு பஸ் போகிறது. அடுத்தவை 8.02, 8.20, 8.22, 8.40, 8.42, 9.00 மணிக்கு வருகின்றன. இடைவெளிகள் 2, 18, 2, 18, 2, 18 நிமிடங்கள். ஒரு மணி நேரத்தில் ஆறு பஸ். சராசரி இடைவெளி 10 நிமிடம். டிப்போ கணக்கில் பிழை எதுவுமில்லை.

இப்போது நிமிடத்துக்கு ஒருவராக 60 பேர் அந்த நிறுத்தத்துக்கு வருவதாக வைத்துக்கொள்ளலாம். குட்டி இடைவெளிகள் மூன்றுக்கும் சேர்த்து நேரமே 6 நிமிடம்தான். அவற்றில் வந்து சேர்பவர்கள் 6 பேர். மீதி 54 பேரும் நீண்ட இடைவெளிகளில் மாட்டிக்கொள்கிறார்கள். அந்த 54 பேர் சராசரியாக 9 நிமிடமும், 6 பேர் 1 நிமிடமும் நிற்கிறார்கள். மொத்தத்தில் ஒருவருக்கு 8.2 நிமிடம். டிப்போ இடைவெளிகளை எண்ணுகிறது, பயணி இடைவெளிக்குள் வந்து நிற்கிறார். நீளமான இடைவெளி அதிகம் பேரைப் பிடித்துக்கொள்கிறது என்பதுதான் விஷயம். இதற்கு ஆய்வு முரண்பாடு என்று பெயர்.

இரண்டு பஸ்கள் ஏன் ஒட்டிக்கொண்டு வருகின்றன? முதல் பஸ் சிக்னலில் சற்றே தாமதித்தால் அடுத்த நிறுத்தத்தில் கூட்டம் கூடிவிடுகிறது. அவர்கள் ஏறி இறங்க நேரமாகி, தாமதம் இன்னும் வளர்கிறது. பின்னால் வரும் பஸ்ஸுக்கோ ஏற ஆளில்லை. வேகமாக வந்து முன்னதைப் பிடித்துவிடுகிறது. பிதுங்கி வழியும் பஸ்ஸுக்குப் பின்னாலேயே காலி பஸ் வருவதும் இதனால்தான்.

மணிக்கு ஒரு பஸ் மட்டும் ஓடும் ஊரில் இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே ஆட்கள் நேரம் பார்த்துத்தான் வீட்டைவிட்டுக் கிளம்புவார்கள்.

லண்டனில் அடிக்கடி பஸ் ஓடும் தடங்களை மதிப்பிட, பயணிகள் உண்மையில் காத்திருக்கும் சராசரி நேரத்திலிருந்து, பஸ்கள் அட்டவணைப்படி ஓடினால் ஆகக்கூடிய காத்திருப்பைக் கழித்துப் பார்க்கிறார்கள். மிஞ்சும் நிமிடங்கள் ஒழுங்கின்மையால் வந்தவை. அதைக் குறைக்க, முன்னதை நெருங்கிவிட்ட பஸ்ஸை வழியில் ஒரு நிறுத்தத்திலேயே சிறிது நேரம் நிறுத்தி வைப்பதுண்டு. உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். அடுத்தடுத்த நிறுத்தங்களில் நிற்பவர்களுக்கு இடைவெளி சீராகிறது.