ஸ்கேனில் தெரியும் கோடெல்லாம் நோயல்ல

ஸ்கேன் ரிப்போர்ட்டின் இரண்டு பக்கத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அடுத்த மருத்துவரைத் தேடி ஓடுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. படம் எங்கே என்று கேட்டால், "ஃபிலிம் வீட்டில் இருக்கிறது" என்பார்கள். இன்னும் சிலர் அந்த ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து அலைபேசியில் எடுத்த போட்டோவை நீட்டுவார்கள். சிடி கொடுத்தார்களா என்றால், அது எதற்கு என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள். இந்த அலட்சியத்தால் இல்லாத நோய்க்கு அறுவை சிகிச்சை மேசைவரை போனவர்களும் உண்டு. இருக்கிற நோயைப் "படம் ஆடிவிட்டது" என்று ஒதுக்கிவிட்டு வந்தவர்களும் உண்டு.

பலரிடம் பார்த்ததை ஒருவர்மேல் வைத்துச் சொல்கிறேன். ஐம்பத்தைந்து வயதுக்காரர். நள்ளிரவில் நெஞ்சுவலி. இ.சி.ஜி.யிலும் ரத்தப் பரிசோதனையிலும் மாரடைப்புக்கான அடையாளம் இல்லை. கையில் ஊசி வழியே மருந்து ஏற்றி மார்பு சி.டி. ஸ்கேன் எடுக்கிறார்கள். இதயத்திலிருந்து மேலே கிளம்பும் பெருநாடியில் ஒரு கோடு தெரிகிறது, டிசெக்‌ஷனாக இருக்கலாம் என்று ரிப்போர்ட் வருகிறது. பெருநாடியின் உள்சுவர் கிழிந்து, ரத்தம் சுவருக்குள் புகுந்து அதைப் பிளந்துகொண்டே போவதுதான் டிசெக்‌ஷன். இதயத்தை ஒட்டிய பகுதியில் அது வந்தால், முதல் இரண்டு நாளில் ஒவ்வொரு மணி நேரமும் நூற்றுக்கு ஒருவர், இருவர் இறக்கிறார்கள் என்பது மருத்துவர்கள் நெடுநாளாகச் சொல்லிவரும் கணக்கு. நெஞ்சைத் திறந்து செய்யும் அறுவை சிகிச்சைதான் அதற்கு வழி. இந்த நிலையில் குடும்பத்தில் பாதிப்பேர் உடனே பணம் கட்டு என்கிறார்கள், மீதிப்பேர் டிஸ்சார்ஜ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போகலாம் என்கிறார்கள். இரண்டு பக்கமும் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை.

அந்தக் கோடு எப்படி வருகிறது என்று பாருங்கள். சி.டி. கருவியில் எக்ஸ்ரே குழாய் உடலைச் சுற்றி ஒரு வட்டம் போட ஏறத்தாழ 0.3 முதல் 0.5 நொடி பிடிக்கிறது. நிமிடத்துக்கு 80 முறை துடிக்கும் இதயத்துக்கு ஒரு துடிப்பு 0.75 நொடி. ஆக, குழாய் ஒரு சுற்று முடிப்பதற்குள் இதயம் சுருங்கி, அதோடு ஒட்டியிருக்கும் பெருநாடியின் அடிப்பகுதியும் சில மில்லிமீட்டர் நகர்ந்துவிடுகிறது. கணினியோ எல்லாம் அசையாமல் இருந்ததாக எண்ணிக்கொண்டு படத்தைக் கோக்கிறது. விளைவு, ஒரே சுவர் இரண்டு இடத்தில் பதிகிறது. பெருநாடிக்குள் ஒரு மெல்லிய வளைகோடு விழுகிறது. கிழிந்த உள்சுவரும் படத்தில் ஏறக்குறைய இப்படித்தான் தெரியும்.

கவனித்துப் பார்க்கும் கதிரியக்க மருத்துவருக்குச் சில துப்புகள் கிடைக்கும். துடிப்பால் வரும் கோடு பெரும்பாலும் பெருநாடியின் இடது முன்புறமும் வலது பின்புறமும்தான் விழும். வால்வுக்கு மேலே சில துண்டுப் படங்களில் மட்டும் இருந்துவிட்டு, வளைவுப் பகுதிக்குப் போகுமுன் மறைந்துவிடும். பல நேரம் பெருநாடியின் எல்லையைத் தாண்டி வெளியே இருக்கும் கொழுப்பிலும் அதே கோடு நீளும். கிழிந்த சுவர் குழாயை விட்டு வெளியே போக முடியாது அல்லவா? பக்கத்தில் இருக்கும் நுரையீரல் தமனியும் இதயத்தின் ஓரமும் அதே மாதிரி இரட்டையாகத் தெரிந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

துப்பு துப்புதான், தீர்ப்பு அல்ல. சந்தேகத்தைத் தீர்க்க இரண்டு வழி உண்டு. ஒன்று, இ.சி.ஜி. கேட்டிங் செய்த சி.டி. நெஞ்சில் இ.சி.ஜி. ஒயர்களை ஒட்டி, இதயம் ஓரளவு அசைவடங்கும் கணத்தில் கிடைத்த தகவலை மட்டும் வைத்துப் படம் கோப்பார்கள். துடிப்பு அதிகமாக இருந்தால் மருத்துவர் முடிவு செய்து அதைக் குறைக்கும் மருந்து கொடுப்பதும் உண்டு. இன்னொன்று, உணவுக்குழாய் வழியாக எடுக்கும் எக்கோ. நான் சொன்னவருக்கு கேட்டிங் செய்த ஸ்கேனில் கோடு இல்லை, பெருநாடி சுத்தமாக இருந்தது. எனவே ரிப்போர்ட்டில் அந்த வரியைப் பார்த்தால் மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்: "இது இ.சி.ஜி. கேட்டிங் செய்த ஸ்கேனா? துடிப்பால் வந்த கோடாக இருக்க வாய்ப்பு உண்டா? உறுதி செய்ய இப்போதே என்ன செய்யலாம்?"

இப்போதே என்ற சொல்லுக்கு அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாராவது "எனக்கும் வெறும் கோடுதான்" என்று வீட்டுக்குக் கிளம்பினால் அது தற்கொலைக்குச் சமம். கேள்வியை மருத்துவமனைக்குள் இருந்துகொண்டே கேளுங்கள். உறுதிப்படுத்தும் பரிசோதனை முடியும்வரை படுக்கையை விட்டு நகராதீர்கள்.

அசைவு என்றால் இதயம் மட்டுமல்ல. "மூச்சைப் பிடி" என்று ஒலிபெருக்கியில் சொல்லும்போது பாதியில் விட்டுவிட்டால் நுரையீரலின் ரத்தக்குழாய்கள் இரட்டையாகத் தெரிந்து, மூச்சுக்குழாய் விரிந்த நோய் போலவும் சளி கோத்தது போலவும் காட்டும். மூச்சு வாங்கும் நோயாளியாக இருந்தால் எத்தனை நொடி பிடிக்க வேண்டும் என்பதை மேசையில் ஏறுமுன் கேட்டு, முடியாது என்றால் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் சமாளித்தால் கெடுவது படம்தான்.

உலோகம் செய்யும் கோலம் வேறு மாதிரி. எக்ஸ்ரே கதிர் உலோகத்தில் பெருமளவு நின்றுவிடுவதால் அதற்குப் பின்னால் இருப்பதைப் பற்றிக் கணினிக்குத் தகவலே வருவதில்லை. அந்த இடத்தில் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள் விழும். முதுகெலும்பில் திருகு வைத்தவருக்குத் திருகை ஒட்டி ஒரு கறுப்புப் பட்டை தெரிந்தால், திருகு தளர்ந்துவிட்டது, சீழ் வைத்திருக்கிறது என்று எழுதிவிட வாய்ப்பு உண்டு. உண்மையான தளர்வில் கறுப்பு, திருகைச் சுற்றி வளையமாக இருக்கும். எந்தக் கோணத்தில் பார்த்தாலும் இருக்கும். பொய்ப்பட்டை இரண்டு திருகுகளுக்கு நடுவே நேர்கோட்டில் ஓடும், எலும்பைத் தாண்டித் தசைக்குள்ளும் போகும். பழைய எக்ஸ்ரேயோடு ஒப்பிட்டால் பாதிச் சந்தேகம் அங்கேயே தீரும். அந்தப் பழைய எக்ஸ்ரேயைத்தான் பலர் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடுகிறார்கள்.

உடலுக்குள் இருப்பதைக் கழற்ற முடியாது. வெளியே இருப்பதையாவது கழற்றலாமே? தாலிக் கொடியில் மாட்டிய ஊக்கு, கொண்டை ஊசி, தோடு, இடுப்பில் வெள்ளி அரைஞாண், தாயத்து எல்லாம் ஸ்கேன் அறைக்கு வெளியே இருக்க வேண்டியவை. தாலியைக் கழற்ற மாட்டேன் என்பவர் மஞ்சள் கயிற்றுக்கு மாற்றிக்கொண்டு, அதில் ஒரு ஊக்குகூட இல்லாமல் பார்த்துக்கொண்டு வரட்டும். எம்.ஆர்.ஐ. என்றால் இது படம் கெடும் விஷயம் மட்டுமல்ல. காந்தத்தில் இரும்பு பறக்கும், பேஸ்மேக்கர் கெடலாம். உள்ளே பிளேட்டு, ஸ்டென்ட், கிளிப் எது இருந்தாலும் அதன் கார்டோடு போங்கள், வாய்மொழி போதாது.

இனி காகித வேலை. யாரும் சொல்லித்தராத பகுதி இதுதான்.

சி.டி. கருவியில் இரண்டு வகைத் தகவல் இருக்கிறது. ஒன்று கோத்து முடித்த படங்கள். மற்றது கோப்பதற்கு முந்தைய மூலத் தகவல், டெக்னீஷியன்கள் 'ரா டேட்டா' என்பார்கள். அது இருந்தால், நோயாளியை மறுபடி கதிருக்கு உட்படுத்தாமலே உலோகப் பட்டையைக் குறைக்கும் முறையில் திரும்பக் கோத்துப் பார்க்க முடியும். ஆனால் அது கருவியின் நினைவகத்தில் சில நாட்களே தங்கும். இடம் போதாதபோது புதிய நோயாளியின் தகவல் அதன்மேல் ஏறிவிடும். ஒரு மாதம் கழித்துப் போய்ச் சண்டை போட்டுப் பயனில்லை. ரிப்போர்ட்டில் சந்தேகம் என்றால் அன்றே, தவறினால் மறுநாளே, ஸ்கேன் மையத்துக்குப் போய் "ரா டேட்டாவை அழிக்க வேண்டாம், உலோகப் பட்டை குறைத்துத் திரும்பக் கோத்துப் பாருங்கள்" என்று எழுதிக் கொடுங்கள்.

அதோடு டைகாம் வடிவில் எல்லாப் படங்களையும் சிடியிலோ பென்டிரைவிலோ கேளுங்கள். மெல்லிய துண்டுகளும் அதில் வேண்டும் என்று குறிப்பிடுங்கள். ஒரு ஸ்கேனில் நூற்றுக்கணக்கான துண்டுப் படங்கள் இருக்கும்; ஃபிலிமில் அச்சிடுவது அதில் சிலவற்றைத்தான். இரண்டாவது மருத்துவர் பார்க்க வேண்டியது அத்தனையையும்.

தர மறுத்தால் எழுத்தில் விண்ணப்பியுங்கள். தனியார் மருத்துவமனையில் மருத்துவக் கண்காணிப்பாளருக்கு, அரசு மருத்துவமனையில் டீனுக்கோ கண்காணிப்பாளருக்கோ. வாசகம் நீளமாக இருக்க வேண்டாம்:

"எனக்கு … தேதியில் எடுத்த சி.டி. ஸ்கேனின் முழுப் படங்களையும் டைகாம் வடிவில், ரிப்போர்ட்டையும் கேஸ் ஷீட் நகலையும் வழங்கக் கோருகிறேன். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் 1.3.2ஆம் விதிப்படி 72 மணி நேரத்துக்குள் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

கீழே நோயாளியின் ஓ.பி. அல்லது ஐ.பி. எண், கையெழுத்து. உறவினர் கேட்டால் நோயாளியின் அதிகாரக் கடிதம். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். "வைத்துவிட்டுப் போங்க சார்" என்பார்கள், போகாதீர்கள். முத்திரை தர மறுத்தால் ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். அரசு மருத்துவமனை அசையாவிட்டால் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தோடு பொதுத் தகவல் அலுவலருக்கு மனு போடுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும்.

கோடு பொய் என்று தெரிந்தபின் பலர் நிம்மதியில் அப்படியே விட்டுவிடுகிறார்கள். பழைய ரிப்போர்ட் கோப்பில் அப்படியே இருக்கும். நாளை காப்பீட்டுப் படிவத்தில் "பெருநாடி நோய் உண்டா?" என்ற கேள்வி வரும்போது அந்த வரி முன்னால் வந்து நிற்கும். முதல் ரிப்போர்ட் எழுதிய மையத்திடமே, புதிய பரிசோதனையைக் குறிப்பிட்டுத் தேதியிட்ட திருத்த அறிக்கை வாங்கி, பழையதோடு பின் அடித்து வையுங்கள்.

ஆவணம் தராததற்கும் மோசமான கவனிப்புக்கும் புகார் சொல்ல இடம் உண்டு. மருத்துவரின் நடத்தை என்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில். மையத்தின் பதிவும் வசதிகளும் என்றால் மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர். பணம் கட்டிய சிகிச்சையில் இழப்பீடு என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். எல்லோருக்கும் இலவசமாகப் பார்க்கும் அரசு மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. உதவிக்கு 1915 என்ற எண்.

ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள். படம் ஆடியதே குற்றமாகிவிடாது. சந்தேகம் வந்தபின் சரிபார்க்காமல் கத்தியை எடுத்தார்களா என்பதுதான் வழக்கில் நிற்கும். ரிப்போர்ட்டின் கடைசியில் "மோஷன் ஆர்ட்டிஃபேக்ட் இருக்கிறது, மறு ஸ்கேன் எடுக்கவும்" என்று அவர்கள் எழுதியிருந்து, அதை நீங்கள் படிக்காமல் விட்டிருந்தால் உங்கள் வழக்கு அன்றே பலவீனமாகிவிடும்.