ஸ்வேட் காலணியில் மழைநீரும் சேறும் பட்டுவிட்டதா? விறைத்துப்போகாமல் கழுவுவது எப்படி?

தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை. தேக்காவில் துணி வாங்கிக்கொண்டு கேம்பல் லேனில் நடக்கிறீர்கள். மாலை 5 மணிக்குத் திடீர் மழை. ரயில் நிலையத்துக்குக் குறுக்கே போகலாம் என்று திடலில் இறங்கினால் கால் சேற்றில் புதைகிறது. போட்டிருப்பதோ வெளிர்பழுப்பு நிற ஸ்வேட் காலணி.

சிங்கப்பூரில் சராசரியாக ஆண்டுக்கு 171 நாள் மழை பெய்கிறது. ஆக, ஸ்வேட் காலணி வாங்கியவருக்கு இது என்றாவது ஒருநாள் நடக்கத்தான் செய்யும். வீட்டுக்கு வந்ததும் பெரும்பாலானோர் செய்வது இரண்டு வேலை: ஈரத்துணியால் சேற்றைத் தேய்ப்பது, ஹேர் டிரையரால் காயவைப்பது. மறுநாள் காலணி அட்டை மாதிரி விறைத்து நிற்கும். "தண்ணி பட்டா ஸ்வேட் போச்சு" என்று சொல்லிவிடுவார்கள். உண்மையில் விறைப்புக்குக் காரணம் தண்ணீர் மட்டும் அல்ல. அது எப்படிக் காய்ந்தது என்பதும்தான்.

தோலுக்குள் என்ன நடக்கிறது?

ஸ்வேட் என்பது விலங்குத் தோலின் உட்பக்கம். அதை உரசி, மெல்லிய இழைகள் எழுந்து நிற்கும்படி செய்கிறார்கள். அந்த மென்மைக்கு இழைகள் மட்டும் காரணம் இல்லை. அவற்றுக்கு இடையே இருக்கும் எண்ணெயும் காரணம். ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிற்சாலைகளில் கேட்டால் 'ஃபேட்லிக்கர்' என்பார்கள். பதனிட்ட ஈரத்தோலில் எண்ணெயைத் தண்ணீரோடு கலந்து உள்ளே இறக்கும் வேலை அது. இழையும் இழையும் ஒட்டிக்கொள்ளாமல் வழுக்கிச் செல்ல அந்த எண்ணெய் வேண்டும்.

அதிகச் சோப்பு போட்டால் எண்ணெய் கரைந்து போய்விடும். சூடு பட்டால் நீர் அவசரமாக வெளியேறும். ஈர இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி அப்படியே இறுகிவிடும்.

இதில் இன்னொன்றும் உண்டு. தொழிற்சாலையிலும் தோல் காய்ந்தவுடன் விறைப்பாகத்தான் இருக்கும். அதை இயந்திரத்தில் தட்டி, வளைத்து மிருதுவாக்குகிறார்கள். 'ஸ்டேக்கிங்' என்று அதற்குப் பெயர். வீட்டில் அந்த வேலையை உங்கள் கை செய்ய வேண்டும். பலரும் விட்டுவிடுவது இதைத்தான்.

சனி இரவு: தொடாதீங்க

முதலில் காலணியின் உள்ளே இருக்கும் குறியைப் பாருங்கள். விரித்த தோல் போன்ற படம் இருந்தால் தோல். சாய்சதுரம் இருந்தால் செயற்கைப் பொருள். அதற்கு இவ்வளவு கவனம் தேவையில்லை.

தோல்தான் என்றால், காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம். ஈரச் சேற்றில் இருக்கும் நுண்ணிய களிமண் துகள்கள் தண்ணீரில் மிதக்கின்றன. தேய்த்தால் அவை இழைகளின் அடிவரை போய்விடும். காயவிட்டால் களிமண் சுருங்கி, வெடித்து, தானாகவே பிடி விடும்.

உள்ளே வெள்ளைத் தாளைத் திணித்து வடிவத்தைக் காப்பாற்றுங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். மின்விசிறிக் காற்று படும் இடத்தில் இரவு முழுவதும் விட்டுவிடுங்கள்.

ஞாயிறு காலை: தையலிலிருந்து தையல்வரை

காய்ந்த கட்டிகளை விரலால் உதிர்த்துவிட்டு, ஸ்வேட் பிரஷ் அல்லது மிருதுவான பழைய பல் துலக்கியால் ஒரே திசையில் மெதுவாகத் தட்டி எடுங்கள். மிச்சம் இருக்கும் புள்ளிகளுக்கு வெள்ளை அழிப்பான் போதும். இதிலேயே சுத்தமாகிவிட்டால் கழுவவே வேண்டாம்.

பெரும்பாலும் ஒரு சிக்கல் மிஞ்சும்: தண்ணீர் நின்ற இடத்தைச் சுற்றிக் கருமையான ஒரு கோடு. மேசையில் சிந்திய காப்பி காய்ந்தால் ஓரத்தில் மட்டும் வளையம் தெரியும் அல்லவா? அதே கதைதான். நீர் ஓரத்தை நோக்கி நகர்ந்து, சாயத்தையும் அழுக்கையும் அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது. அந்தக் கோட்டை மட்டும் ஈரப்படுத்தித் தேய்த்தால் அதைச் சுற்றிப் புதுக்கோடு ஒன்று வரும்.

அதனால் கேட்பதற்கு விபரீதமாகத் தோன்றும் ஒன்றைச் செய்ய வேண்டும். கறை பட்ட தோல்துண்டு முழுவதையும், ஒரு தையலிலிருந்து அடுத்த தையல்வரை, சமமாக ஈரமாக்க வேண்டும். ஓரம் இல்லாவிட்டால் கோடும் இல்லை. இரண்டு காலணிகளுக்கும் செய்தால்தான் நிறம் ஒன்றுபோல் இருக்கும்.

தொடங்குமுன், நாக்குப் பகுதியில் மறைவான இடத்தில் ஈர வெள்ளைத்துணியை ஒற்றிப் பாருங்கள். சாயம் நிறைய ஒட்டினால் அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஒரு கிளாஸ் சாதாரண தண்ணீரில் மென்மையான ஷாம்பு இரண்டு மூன்று சொட்டு. பாத்திரம் கழுவும் திரவம் வேண்டாம். எண்ணெயை எடுப்பதுதானே அதன் வேலை! கலக்கி, நுரையை மட்டும் பிழிந்த ஸ்பாஞ்சில் எடுத்துத் தடவி, பிரஷால் லேசாக உரசுங்கள். பிறகு வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் நுரை நிற்கும்வரை துடையுங்கள். தங்கிவிட்ட சோப்பும் காய்ந்தபின் விறைப்பைத் தரும். கடைசியாகக் காய்ந்த துணியால் ஒற்றி, உள்ளே புதுத் தாள் வையுங்கள்.

காயவைப்பதில்தான் சிங்கப்பூர்ச் சிக்கல்

நிழலில் மெதுவாகக் காயவைக்கச் சொல்கிறார்கள். ஆனால் இங்கே காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டைத் தாண்டுகிறது. வீவக வீட்டின் காலணி அலமாரிக்குள் 'மெதுவாக' விட்டால் நாலே நாளில் பூஞ்சை பூத்துவிடும். வெயிலில் வைத்தால் நிறம் போகும். அடிப்பாகத்துப் பசையும் இளகலாம்.

வழி, சூடில்லாத காற்று. மின்விசிறியை ஓரிரு மீட்டர் தள்ளி வையுங்கள். ஏர்கான் அறை இன்னும் நல்லது, அது காற்றிலிருந்து ஈரத்தை எடுத்துவிடும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை தாளை மாற்றுங்கள்.

இப்போதுதான் அந்தக் கைவேலை. ஞாயிறு மாலை தொட்டுப் பாருங்கள். தண்ணீர் ஒட்டாது, ஆனால் சில்லென்று இருக்கும். அதுதான் சரியான நேரம். தாளை எடுத்துவிட்டு, தோலை விரல்களுக்கு இடையே பிடித்து முன்னும் பின்னும் மெல்ல வளையுங்கள். பிறகு இழை எழும்பும்படி எல்லாத் திசையிலும் பிரஷ் செய்யுங்கள். முழுதாகக் காயும்வரை இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் இழைகள் ஒட்டுவதற்கு நேரமே கிடைக்காது.

திங்கள் அல்லது செவ்வாய் காலணியின் விரல்பகுதிக்குள் புறங்கையை வைத்துப் பாருங்கள். குளிர்ச்சி தெரிந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, அலமாரிக்குள் வைக்காதீர்கள்.

ஏற்கனவே விறைத்துவிட்டால்?

பல நேரம் மீட்கலாம். அந்தத் தோல்துண்டை மறுபடி சமமாக லேசாக நனைத்து, காற்றில் காயவைத்து, பாதி ஈரத்தில் வளைத்து பிரஷ் செய்யுங்கள். ஒரு சிறிய இடத்தில் மட்டும் இழை படிந்திருந்தால், கொதிக்கும் கெட்டிலின் ஆவியில் கைத்தூரத்தில் சில விநாடி காட்டிவிட்டு பிரஷ் செய்தாலே எழும்பும். சூட்டில் வெடிப்பு விழுந்த தோல் மட்டும் திரும்பாது.

நீர்த்தடுப்பு ஸ்பிரே அடிப்பதாக இருந்தால் காலணி முற்றிலும் காய்ந்த பிறகு, திறந்த வெளியில், 20 முதல் 30 செண்டிமீட்டர் தள்ளி அடியுங்கள். அந்தப் புகையைச் சுவாசிப்பது நுரையீரலுக்கு நல்லதல்ல, படுக்கையறையில் வேண்டவே வேண்டாம்.

செம்மண் கறை வேறு வகை. இங்குள்ள மண்ணின் சிவப்பு, இரும்புத் துரு தரும் நிறம். ஷாம்புவுக்கு அது முழுதாகப் போகாது. பிளீச் ஊற்றினால் காலணியின் சாயம்தான் போகும், செம்மண் அப்படியே இருக்கும். வெளிர் நிறக் காலணியில் இளஞ்சிவப்புச் சாயல் தங்கிவிட்டால், தோலுக்கு மறுசாயம் ஏற்றுபவரிடம் கொடுத்துக் கொஞ்சம் அடர்ந்த பழுப்புக்கு மாற்றச் சொல்லலாம்.