முதுகுப் பக்கம் விழும் கறித்துண்டு

மடிப்பாக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மணி இருக்கிறான். செம்பட்டை நிற நாட்டு நாய், வயது இரண்டரை. பக்கத்தில் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த இடத்தில் மணல் குவியலுக்குப் பின்னால் பதுங்கிக் கிடந்தவனை ஐந்து மாதக் குட்டியாகத் தூக்கி வந்தார்கள். வீட்டிலுள்ள மூன்று பேர் மடியிலும் மாறி மாறித் தலை வைத்துத் தூங்குவான். வெளியாள் படியேறிவிட்டால் மட்டும் அவன் வேறு நாய். சென்ற ஆண்டு, சிலிண்டர் போட வந்தவரைக் கடித்தும்விட்டான். அவர் உள்ளே வந்தபோது கடிக்கவில்லை. காலி சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்துத் திரும்பியபோது, பின்னாலிருந்து கெண்டைக்காலில் ஒரு கவ்வு கவ்விவிட்டுச் சோபாவுக்கு அடியில் ஓடி ஒளிந்தான்.

வீட்டுக்காரர்கள் இதைக் கோபம் என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரர் காவல் புத்தி என்று பாராட்டவே செய்தார். வந்து பார்த்த நடத்தை நிபுணர் கேட்ட முதல் கேள்வி, "முன்னால் கடித்தானா, பின்னால் கடித்தானா?" ஆள் முகம் காட்டி நிற்கும்வரை கிட்டப் போகத் துணிச்சல் வராது, முதுகு திரும்பியதும் துணிச்சல் வரும். கடித்த கையோடு ஓடி ஒளிவதும் அதே கதைதான். அது பயந்த நாயின் கடி.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது? அடித்திருப்பார்கள் என்று நினைப்போம். அப்படி இருக்க வேண்டியதில்லை. குட்டி பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து ஏறத்தாழ பதினான்காவது வாரம்வரை அதன் மூளை ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. அந்த நாட்களில் பழகிய மனிதர்களும் சத்தங்களும் ஆபத்தில்லாதவை என்று பதிகின்றன. அமெரிக்காவில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இரு ஆய்வாளர்கள் பல இன நாய்க்குட்டிகளைப் பல ஆண்டுகள் வளர்த்துப் பார்த்து, 1965-இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக எழுதினார்கள். மணி வீட்டுக்கு வந்தது ஐந்தாவது மாதம். வாசல் சாத்தி இரண்டு மாதம் ஆகிவிட்டது.

அதன் பிறகு நடந்தது தினசரிப் பாடம். கூரியர்காரர் வருகிறார், மணி குரைக்கிறான், அவர் போய்விடுகிறார். கையெழுத்து வாங்கிவிட்டதால் போகிறார் என்பது நமக்குத் தெரியும். மணிக்குத் தெரிந்ததெல்லாம், குரைத்தால் ஆள் போய்விடுவார் என்பதே.

இதற்கிடையில் வீட்டுப் பெரியவர் ஒரு காரியம் செய்திருந்தார். உறுமும்போதெல்லாம் செய்தித்தாளைச் சுருட்டி மூக்கில் ஒரு தட்டு. இரண்டு மாதத்தில் உறுமல் நின்றது. "திருந்திட்டான்னு நெனச்சோம் மேடம்" என்றார். அடுத்த மாதம்தான் கடி. உறுமல் என்பது நாய் கொடுக்கும் கடைசி நோட்டீஸ்களில் ஒன்று. அதற்கு முன்பே முகத்தைத் திருப்பிக்கொள்வது, பசியில்லாமல் மூக்கை நக்குவது, உடம்பு விறைத்து அசையாமல் நிற்பது எல்லாம் வந்து போயிருக்கும். நாம்தான் பார்த்திருக்க மாட்டோம். அடி, நோட்டீசை நிறுத்தியது. பயத்தை நிறுத்தவில்லை. வெளியாள் வந்தால் மூக்கில் அடி விழும் என்ற கூடுதல் பாடம்தான் மிச்சம்.

நிபுணர் முதலில் கால்நடை மருத்துவரிடம் அனுப்பினார். காதில் சீழோ இடுப்பில் வலியோ இருந்தால் எந்தப் பயிற்சியும் ஏறாது. மணிக்கு அப்படி எதுவும் இல்லை. ரேபிஸ் ஊசியும் முறையாகப் போட்டிருந்தது. அடுத்த இரண்டு வாரம் பயிற்சியே கிடையாது. வெளியாள் வரும் நேரத்தில் மணி பின்கட்டு அறையில். கூடை போன்ற வாய்மூடி ஒன்றை வாங்கி, அதற்குள் தயிர் தடவி, அவனே மூக்கை நுழைக்கப் பழக்கினார்கள். பதற்றம் அடங்காத உடம்பில் புதிய பாடம் நிற்காது.

பிறகு தெருக்கோடியில் உள்ள காலி மனைக்கு வந்தார்கள். ஒரு ஓரத்தில் மணியும் வீட்டுப் பெண்ணும். அவள் இடுப்புப் பையில் வேகவைத்த கோழித்துண்டு, சுண்டுவிரல் நக அளவு. எதிர்க்கோடியில், ஐம்பது அடி தள்ளி, நிபுணர் பக்கவாட்டில் திரும்பியபடி நடந்து வருவார். மணி அவரைப் பார்த்ததும் ஒரு துண்டு, இன்னொரு துண்டு. அவர் மறைந்ததும் கோழியும் நின்றுவிடும்.

இதற்கு நூறு வயது ஆகிறது. 1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலைக் கண்டு அலறிய பீட்டர் என்ற சிறுவனின் பயத்தைப் போக்கியதைப் பற்றி எழுதினார். பையன் பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது முயலைக் கூண்டோடு தூரத்தில் கொண்டுவந்து, அவன் கலங்காத அளவுக்கு நாளுக்கு நாள் பக்கத்தில் நகர்த்தினார். கடைசியில் அவன் முயலைத் தடவினான். மணியின் கதையில் முயல், நிபுணர்.

இதில் பெரும்பாலான வீடுகள் தவறுவது வரிசையில். ஆள் முதலில், கோழி பிறகு. மாற்றிச் செய்தால், கோழியைக் கண்டாலே யாரோ வரப்போகிறார்கள் என்று நாய் கலங்கத் தொடங்கும். தூரம் சரியா என்பதை நாயின் வாயே சொல்லிவிடும். மென்மையாக வாங்கினால் சரி. விரலோடு வெடுக்கென்று பிடுங்கினால் எல்லைக்கு வந்துவிட்டான். கோழியையே திரும்பிப் பார்க்காவிட்டால் எல்லை தாண்டியாயிற்று; பத்தடி பின்வாங்க வேண்டும்.

மூன்றாவது வாரம் பதினைந்து அடிக்கு வந்தார்கள். இனி நிபுணரே துண்டைப் போடலாம். நீட்டிய கையிலிருந்து கொடுக்கவில்லை. இதுதான் எனக்கு வியப்பாக இருந்தது. கையில் கொடுத்தால் கோழி ஆசையில் நாய் கிட்ட வந்துவிடும்; தின்று முடித்து நிமிர்ந்ததும், முன்பின் தெரியாத முகம் ஓரடியில் நிற்கும். அந்த நொடியில்தான் பல கடிகள் விழுகின்றன. அதனால் துண்டை மணியின் முதுகுக்குப் பின்னால் எறிந்தார். அவன் திரும்பிப் போய்த் தின்றான். விலகிப் போனதற்கே கோழி. பிறகு தானாக இரண்டடி முன்வந்தான். மறுபடி பின்னால் ஒரு துண்டு. கிட்ட வருவதா வேண்டாமா என்ற முடிவு முழுக்க அவனுடையது.

ஆறாவது வாரம் அவர் வீட்டுக்குள் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, மணி அவர் முழங்காலை மோந்தான். அவர் கையை அசைக்கவில்லை, கண்ணைப் பார்க்கவில்லை. ஆனால் எழுந்து நின்றபோது பாய்ந்து குரைத்தான். உட்கார்ந்த ஆளும் எழுகிற ஆளும் நாய்க்கு இரண்டு ஆட்கள். எழுவதைத் தனிப்பாடமாக எடுத்தார்கள்: முதல் நாள் நாற்காலியில் முன்னால் சாய்வது மட்டும், அடுத்து அரை எழும்பல், பிறகுதான் முழுதாக எழுவது. இரண்டாவது ஆளுக்கு ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டும், ஆனால் வேகமாக நகரும். ஹெல்மெட் போட்ட ஆள் மறுபடி புது ஆள்.

தீபாவளி வந்து எல்லாவற்றையும் கலைத்தது. மூன்று நாள் வெடிச்சத்தத்துக்குப் பிறகு, பழகிய நிபுணரையே இருபது அடியில் பார்த்து உறுமினான். பெரியவரின் கை செய்தித்தாளுக்குப் போனது, மகள் முறைத்தாள். நிபுணர் ஒரு வாரம் வராமல் இருந்துவிட்டு, முப்பது அடியிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். சில நாய்களுக்கு இதுவும் போதாமல் மருத்துவர் மாத்திரை எழுத வேண்டிவரும். அது வேலை செய்யவே பல வாரம் பிடிக்கும். மணிக்குத் தேவைப்படவில்லை.

இப்போது எட்டு மாதம் ஆகிறது. மணிக்கு வெளியாட்களில் நான்கு பேரைத் தெரியும். கல்யாண வீட்டுக் கூட்டத்தில் அவிழ்த்துவிடக்கூடிய நாயாக அவன் ஆகவில்லை, ஆவான் என்று நிபுணரும் சொல்லவில்லை. சிலிண்டர் வரும் நாளில் இன்றும் பின்கட்டு அறைதான். சென்ற வாரம் நான் போயிருந்தபோது வாசலில் மணியடித்தது. அவன் இரண்டு முறை குரைத்தான். பிறகு அந்தப் பெண்ணின் இடுப்புப் பையைப் பார்த்துவிட்டு, அவனாகவே பின்கட்டுக்கு நடந்தான்.