பந்து வலையில் விழுந்தது, பாயிண்ட் அவர்களுக்கா?

பள்ளி அணிகளின் வாலிபால் ஆட்டம் ஒன்றைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். எதிரணிச் சிறுவன் அடித்த சர்வீஸ் வலையில் முட்டி, அவன் பக்கமே விழுகிறது. நம் பக்கத்துப் பெற்றோர் கைதட்டுகிறார்கள். நடுவரோ பாயிண்டை எதிரணிக்கே கொடுக்கிறார். "கண்ணு தெரியலையா சார்?" என்று ஒரு குரல் எழுகிறது. நடுவருக்கு நன்றாகவே கண் தெரியும். எல்லோரும் பந்தைப் பார்த்துக் கொண்டிருந்தபோது அவர் கால்களைப் பார்த்துக் கொண்டிருந்தார்.

களத்தில் நிற்கும் ஆறு பேருக்கும் எண் உண்டு. பின்வரிசையில் வலது மூலை 1. அங்கிருப்பவரே சர்வீஸ் போடுகிறவர். அவருக்கு முன்னால், வலையோரம் வலப்பக்கம் 2, நடுவில் 3, இடது முனை 4. அப்படியே பின்னால் இறங்கினால் 5, பின்வரிசை நடுவில் 6. எதிரணியின் சர்வீஸில் நாம் பாயிண்ட் எடுத்தால் சர்வீஸ் நமக்கு வரும். அப்போது எல்லோரும் கடிகார முள் சுற்றும் திசையில் ஓரிடம் நகர வேண்டும். 2-இல் நின்றவர் 1-க்கு வந்து சர்வீஸ் போடுவார். நம் சர்வீஸிலேயே தொடர்ந்து பாயிண்ட் எடுத்தால் சுழற்சி இல்லை.

இந்த வரிசை, சர்வீஸ் போடுபவரின் கை பந்தில் படும் அந்த நொடியில்தான் சரிபார்க்கப்படும். அடுத்த நொடியே யாரும் எங்கும் ஓடலாம். வரிசை என்றால் கோடு போட்டு நிற்பதும் அல்ல. அண்டை இடங்களுக்கு இடையிலான முன்-பின், இட-வலம் மாறக் கூடாது, அவ்வளவுதான்.

நம் ஆட்டத்துக்கு வருவோம். பந்தைத் தூக்கிக் கொடுக்கும் செட்டர் அப்போது 1-ஆம் இடத்தில் இருந்தான். அவனுக்கு வேலை வலையோரம். ஆனால் 2-ஆம் இடத்துக்காரன் சர்வீஸை எடுப்பதற்காகப் பின்னால் இறங்கி நிற்கிறான். செட்டர் அவனுக்குப் பின்னால் ஒளிந்ததுபோல் நின்று, எதிரணியின் அடி விழுந்த பிறகு பாய வேண்டும். பையன் அவசரப்பட்டு, அடி விழுமுன்பே அவனைத் தாண்டி முன்னால் போய்விட்டான். இந்தத் தவறு சர்வீஸ் அடிக்கும் நொடியிலேயே நடந்துவிட்டது. பந்து வலையில் முட்டியது அதற்குப் பின். முந்திய தவறுக்கே தண்டனை. அதே சர்வீஸில் அடித்தவனின் கால் கோட்டை மிதித்திருந்தால் கதை மாறியிருக்கும். இரண்டும் ஒரே நொடித் தவறுகள் என்றால் சர்வீஸ் தவறுதான் கணக்கில் வரும், பாயிண்ட் நமக்கு.

வேறு நிறச் சட்டையில் ஒருவன் அடிக்கடி உள்ளே வந்து போவானே, அவன்தான் லிபரோ. சுழற்சி எல்லோரையும் பின்வரிசைக்கு இழுத்து வந்துவிடும். வலையோரம் பிளாக் செய்யவென்றே இருக்கும் உயரமான பையன் தாழ்ந்து வரும் பந்தை எடுக்கத் தடுமாறுவான். அவன் பின்வரிசைக்கு வந்து சர்வீஸ் போட்டு, அந்தச் சர்வீஸ் பறிபோனதும் லிபரோ அவனிடத்தில் நுழைவான்; 4-ஆம் இடத்துக்குச் சுழலும் நேரத்தில் அவனையே திரும்ப அனுப்பிவிட்டு வெளியேறுவான். இந்தப் பரிமாற்றம் வழக்கமான மாற்று ஆட்டக்காரர் எண்ணிக்கையில் சேராது.

சலுகைக்கு விலையும் உண்டு. சர்வதேச விதிப்படி லிபரோ சர்வீஸ் போடக் கூடாது, பிளாக் செய்யக் கூடாது, வலைக்கு மேலுள்ள பந்தை எதிரணிப் பக்கம் அடிக்கவும் கூடாது. வலையிலிருந்து 3 மீட்டர் தள்ளியுள்ள கோட்டுக்கு முன்னால் நின்று விரல்களால் தூக்கிக் கொடுத்தால், அந்தப் பந்தை வலை உயரத்துக்கு மேல் வைத்துச் சக வீரன் அடித்தாலும் தவறு. ஸ்மாஷ் அடிக்காதவன் என்று பிள்ளையைக் குறைத்து எண்ண வேண்டாம். 2016 ரியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற பிரேசில் ஆடவர் அணியின் லிபரோ செர்ஜியோ சாண்டோஸ், 40 வயதில் அந்தப் போட்டியின் மிகச் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வானார்.

சர்வீஸ் தவறுகளில் கோட்டை மிதிப்பது எல்லோருக்கும் தெரியும். எகிறி அடிப்பவர் கோட்டுக்கு உள்ளே இறங்கலாம். எகிறும்போது கால் வெளியே இருந்தால் போதும். விசில் ஊதிய 8 நொடிக்குள் அடித்துவிட வேண்டும். மேலே எறிந்த பந்து பிடிக்கவில்லை என்று அதைக் கீழே விட்டுவிட்டு மறுபடி எறிய முடியாது. பந்து வலையை உரசி அந்தப் பக்கம் விழுந்தால் தவறில்லை, ஆட்டம் தொடரும்.

எல்லாவற்றிலும் வலிப்பது, முறை தவறி வேறொருவர் சர்வீஸ் போடுவதுதான். 18-18-இல் தவறான பையன் சர்வீஸுக்குப் போய் இரண்டு பாயிண்ட் எடுத்து 20-18 ஆக்கிவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். ஸ்கோரர் தாளைப் பார்த்துக் கண்டுபிடித்தால் அந்த இரண்டும் ரத்து. எதிரணிக்கு ஒரு பாயிண்ட், சர்வீஸும் அவர்களுக்கே. பலகையில் 18-19 என்று மாறும்.

அடுத்த ஆட்டத்தில் விசில் கேட்டதும் நடுவரின் கையைப் பாருங்கள். ஆள்காட்டி விரலை வட்டமாகச் சுழற்றினால் இடம் அல்லது சுழற்சித் தவறு. எட்டு விரல்களை உயர்த்தினால் சர்வீஸ் தாமதம்.